என் வசம் இருந்த சுவடி

பதுளையில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவரும் ஆசிரியர்தான். இந்தியாவிலிருந்து இலங்கையின் ஊவாத் தோட்டங்களுக்கு நம் சனங்கள் நடந்து வந்த வழியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை, படித்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். மழைக்காலம் முடிந்த பிறகுதான் அது திரும்பி வந்தது.

அடுத்து, வாசகசாலைச் சங்கம் அவருடைய சரித்திர நூலை அச்சிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். கைப்படியை வாங்கிப் பார்த்தேன். வாக்கியங்களை மாற்றியிருந்தார்; அடிக்குறிப்புகளை அப்படியே தூக்கியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அரசாங்கக் கச்சேரியின் ஆவண அறையில் தூசி தின்று பார்த்த ஒவ்வொரு கடிதத்துக்கும், யார் யாருக்கு எழுதியது, தேதி, இருக்கும் இடம், கட்டு எண், தாள் எண் என்று குறித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எவரும் அதே தாளில் கை வைக்கலாம். எண்ணிடாத கட்டுகளில் நானே எண்ணிப் போட்ட தாள் எண்ணைப் பகர அடைப்புக்குள் வைத்திருந்தேன். அந்த அடைப்பைக்கூட அவர் விடவில்லை.

ஓரிடத்தில் என் கண் நின்றது. "தலைப்பில்லா ஓலைச்சுவடி, ஏடு 14, பின்பக்கம், ஆசிரியர் வசம்." ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பான லயம் ஒன்றில், இறந்துபோன கங்காணியின் குடும்பம் எனக்குக் கொடுத்த சுவடி அது. எந்த அலுவலகத்திலும் இல்லாத சுவடி என்றால் யாரிடம் இருக்கிறது என்று எழுத வேண்டும், எழுதியிருந்தேன்; ஆசிரியர் என்றது கட்டுரையை எழுதிய என்னை. அவர் யோசிக்காமல் அதையும் பெயர்த்து எழுதியதில், சுவடி தன்னிடம் இருப்பதாகத் தன் நூலிலேயே சொல்லிவிட்டார். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

சுவடியைத் துணியில் சுற்றிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர்; அச்சுச் செலவு அவருடையது. பதினாலாம் ஏட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் நூலாசிரியரைக் கேட்டார். சுவடி வீட்டில் பத்திரமாக இருப்பதாகப் பதில் வந்தது. நான் முடிச்சை அவிழ்த்து அதை மேசைமேல் வைத்தேன்.

நூலாசிரியர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மாஸ்டர், முன்னுரையில உங்களுக்கு ஒரு நன்றி போட்டுடுறேன். இதோட விட்டுடுங்க."

நூலை நிறுத்திவிடட்டுமா என்று தலைவர் கேட்டார். நிறுத்தியிருந்தால் ஒரு நாள் பேச்சோடு போயிருக்கும்.

"புத்தகம் வரட்டுங்க. தான் பாக்காத தாளுன்னா, யாரு எழுதினதுல இருந்து எடுத்தோம்னு சொல்றதுதான் முறை. ஒவ்வொரு குறிப்புலயும் அத எழுதச் சொல்லுங்க."

எழுதாவிட்டால் அச்சில்லை என்று தலைவர் முடித்துவிட்டார். சில நாள் கழித்து நூலாசிரியர் ஆள் அனுப்பிக் கேட்டார்: முதல் குறிப்பில் என் பெயரை முழுதாகப் போட்டுவிட்டு, அடுத்தவற்றில் 'மேற்படி' என்று சுருக்கலாமா? முறைப்படி சுருக்கலாம்தான். நான் விடவில்லை. இன்றும் அந்தப் புத்தகத்தைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் அடியில், தான் நேரில் பார்க்கவில்லை என்ற அவருடைய வாக்குமூலமும் என் முழுப்பெயரும் இருக்கின்றன.