பூஜ்யத்தை ஒட்டி ஓர் எண்

மேகமலையில் தேயிலைத் தோட்டம் பிரித்துப்போட்ட இரண்டு சோலைகளில் சிங்கவால் குரங்குகளின் மலத்தைச் சேகரித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு மரபணு வடிவமும் இரு கூட்டத்திலும் எவ்வளவு பரவலாக இருக்கிறதென்று ஒப்பிட்டுக் கணக்கிட்டால் ஓர் எண் கிடைக்கும். பூஜ்யம் என்றால் இரண்டும் ஒரே கூட்டம்போல. ஒன்று என்றால் முற்றிலும் வேறு. எனக்கு வந்தது பூஜ்யத்தை ஒட்டி.

"அப்ப கூட்டம் மாறிப்போற ஆண் குரங்கு தோட்டத்தத் தாண்டி அங்கனருந்து இங்கன வருதுன்னு சொல்லுங்க" என்றார் கூட வந்த வனக்காவலர். அந்தச் சந்தோஷத்தில் தினமும் தேயிலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆய்வகத் தோழி போனில் சிரித்தாள். "தோட்டம் போட்டு குரங்குக்குச் சில தலைமுறைதானே ஆகுது? எண்ணு மெதுவாத்தான் ஏறும். அது இப்ப வர்றதச் சொல்லலடி, அப்ப வந்ததச் சொல்லுது."

எனக்குத் தெரியாதா என்ன? இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். இருந்தும் பைனாகுலரைக் கீழே வைக்க மனசு வரவில்லை.