லேமினேஷனில் ஒரு குமிழ்

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஜெராக்ஸ் கடை. கைக்கு வருகிற தாளையெல்லாம் ஓரக்கண்ணால் படித்துவிடுவேன் என்று எனக்குக் கெட்ட பெயர் உண்டு. உண்மைதான், படிப்பேன். கடையில் கூட்டம் இருந்தால் மட்டும் விட்டுவிடுவேன்.

அன்று கூட்டமில்லை. திருவேங்கடம் ஊர்க்காரர் ஒருவர், வெல்டர், பாஸ்போர்ட்டை நகலெடுக்க வந்தார். குவைத்தில் வேலையாம். மூன்று மணிக்கு அசலை ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டுமாம்.

"லைசென்ஸ் உள்ள ஏஜென்சிதானா?"

"இருக்குக்கா. செவத்துல மாட்டிருக்காங்க. போட்டோ புடிச்சு வச்சிருக்கேன்," என்று போனை நீட்டினார். பதிவு எண் தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே டியூப்லைட் வெளிச்சம் விழுந்து வெள்ளையாக இருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அரசாங்கத் தளத்தில் இருக்கிறது. எண்ணைத் தட்டினேன். பெயர் சரி. உரிமமும் நடப்பில் இருந்தது.

"நாந்தான் சொன்னம்லா," என்றார் வெல்டர், முகமெல்லாம் சிரிப்பாக.

பக்கத்தை மூடப் போகும்போது முகவரி கண்ணில் பட்டது. சென்னை. ஏஜென்சி இன்னொரு ஊரில் கிளை வைக்கவும் அனுமதி வாங்க வேண்டும். தென்காசிக் கிளை என்று அங்கே எதுவும் இல்லை.

"விசிட்டிங் கார்டுல நம்பர் இருக்கு, கேட்டுப் பாருங்கக்கா."

"அவன் நம்பர்ல கேட்டா அவன்தான பேசுவான்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, தளத்தில் இருந்த சென்னை ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டேன்.

எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "தென்காசியில எங்களுக்கு ஆபீஸே கிடையாது மேடம். எங்க சர்டிபிகேட் அவங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. கடையைச் சாத்திவிட்டு வெல்டரோடு கிளம்பினேன். குற்றாலம் ரோட்டில் ஒரு சிப்ஸ் கடைக்கு மேல் மாடி. ஒரு மேசை, நாலு நாற்காலி. சார் சாப்பிடப் போயிருக்கிறார், உட்காருங்கள் என்றாள் அங்கிருந்த பெண். நான் உட்காரவில்லை. நேரே சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட்டிடம் போனேன்.

சென்னை முகவரி அதிலேயே பளிச்சென்று இருந்தது. யாரும் அதை மறைக்கவில்லை. யாரும் படிக்கவும் இல்லை. அப்புறம்தான் வலது மூலையைப் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்குள் அரிசி அளவுக்கு ஒரு காற்றுக் குமிழ். என் மெஷினில் ரோலர் தேய்ந்ததிலிருந்து, போடுகிற தாளிலெல்லாம் அந்த மூலையில் அந்தக் குமிழ் விழும்.

அடப்பாவி. ஏதோ ஒரு கூட்டமான நாளில் கலர் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷனும் போட்டு, துடைத்து வேறு கொடுத்தது நான்தான்.

படியிறங்கியதும், அது என் கடையில் போட்ட லேமினேஷன் என்று வெல்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அந்த மாடியில் இன்னும் எத்தனை பேருடைய பாஸ்போர்ட் இருக்கிறதோ என்று இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பாதி தூரத்தில் போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தார்.

"பளபளன்னு இருந்துச்சுக்கா," என்றார் பிறகு. "அதப் பாத்துதான் நம்புனேன்."