கேட்டால் மட்டும் பிடி

ஐம்பது தாண்டியதிலிருந்தே வெல்டருக்கு ஒரு மனக்குறை. கையில் எதைத் தூக்கினாலும் யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள். மகளோடு பெருநகரத்துக்குக் குடிவந்த பிறகும் அதே கதைதான். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஜிம்மிலும், "பெரியவரே, உங்களுக்கு வாக்கிங் போதும்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

டயர்க்கடை மாடியில் ஒரு பளுதூக்கும் கிளப் இருந்தது. இங்கேயும் விரட்டினால் இனி யாரையும் கேட்பதில்லை என்றுதான் படியேறினார். உள்ளே அவர் வயதொத்த தையல்காரி ஒருத்தி பளு மாட்டிய கம்பிக்கு அடியில் பெஞ்சில் படுத்திருந்தாள். தலைமாட்டில் துணைக்கு ஆள் இல்லை.

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. பிடின்னு சொன்னா மட்டும் பிடிங்க."

நெஞ்சைத் தொட்டு ஏறிய கம்பி பாதியில் தயங்கி நடுங்கியது. பட்டறையில் சுமை ஆடினால் கேட்காமலே தாங்கித்தான் பழக்கம். வெல்டரின் கை தானாகப் பாய்ந்தது.

கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நான் கேட்டேனா? நீங்க தொட்டதும் அது நான் தூக்கினது இல்லைன்னு ஆயிடுச்சு."

வெல்டருக்குச் சுருக்கென்றது. இந்த முறை பிடுங்கியது அவர்.

சற்று இளைப்பாறி மறுபடி படுத்தாள். அதே இடத்தில் கம்பி நின்றது. அவர் கையை அடியில் விரித்து, தொடாமல், மூச்சை அடக்கி நின்றார். ஊசி பிடிக்கிற கைகள் அந்த இரும்பை அங்குலம் அங்குலமாக ஏற்றி முடித்தன. காலமெல்லாம் இரும்போடு மாரடித்தவர் அதன்பிறகே கையை இழுத்துக்கொண்டார்.

எடைத் தட்டுகளைக் கழற்றி வெறும் கம்பியை மட்டும் விட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இப்ப நீங்க படுங்கண்ணே. நான் பின்னாடி நிக்கிறேன்."