ஹீலியத்துக்கு வந்த கோபம்

கல்லூரியின் இயற்பியல் துறையில் எங்கள் மேடத்துக்கு 'வெடி' என்று பெயர். ஒரு நாள் விடைத்தாள் திருத்தும் அறையில் அது வெடித்தது. ஊக அலைச்சார்பு ஒன்றில் அணுக்கருவின் மின்னூட்டத்தை மாற்றிப் பார்த்து, ஹீலியம் அணுவின் மிகக் குறைந்த ஆற்றலை மதிப்பிடச் சொன்ன கேள்வி. துறைத்தலைவரின் விடைக்குறிப்பில் மைனஸ் 92.5 எலக்ட்ரான் வோல்ட். மைனஸ் 77.5 என்று சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் முட்டை.

"சார், ஆய்வகச் சோதனையில கிடைச்சதே மைனஸ் 79. இந்த முறையில எந்தச் சார்பைப் போட்டாலும் உண்மையான ஆற்றலுக்குக் கீழ போகவே போகாது, உங்க மைனஸ் 92.5 எப்படிப் போச்சு?"

"எலக்ட்ரானுங்க ஒண்ணையொண்ணு தள்ளுற விலக்கத்தை ரெண்டு தடவை எண்ணக் கூடாதுன்னு பாதியாக்கினேன்மா."

"இருக்கிறதே ஒரு ஜோடி! ரெண்டு தடவை எங்க எண்ணினீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "குறிப்பு எல்லாருக்கும் போயாச்சு. விட்டுடுங்க."

"பசங்க சரியா எழுதினதுக்குத் தண்டனையா?"

மேடம் தன் விடைத்தாள் கட்டில் இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்து, முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பேனா முனை தாளைக் கிழித்தது.

"மெமோ வரும்மா."

"வரட்டும் சார். அதுலயாவது கணக்கு சரியா இருக்கட்டும்."

மெமோ வந்தது. மற்ற அறைகளில் போட்ட முட்டைகள் அப்படியே நின்றன. அதைச் சொல்லும்போதெல்லாம் மேடத்தின் குரல் இன்னும் நடுங்குகிறது.