ஆலங்குடி ஷெட்டை மூடும் அறிவிப்பு

அந்த ஒரு பக்க அறிவிப்பை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. சென்னை அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்தால் யாருக்கு என்ன ஆகப் போகிறது என்று கடைசி வரி வரைக்கும் தெரியாது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. முந்திரி உடைத்துத் தோல் உரிக்கிற பெண்களிடம் இதை அப்படியே மொழிபெயர்த்து வாசித்தால், "சார் என்னமோ சொன்னாரு" என்று எழுந்து போய்விடுவார்கள். பிறகு ஊரெல்லாம் வதந்தி பரவும். அதனால் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் சொந்தத் தமிழில் முதலிலிருந்து எழுதினேன்.

நான் அந்தக் கம்பெனியின் மனிதவள அதிகாரி. பேர்தான் பெரிது. ஆட்களைச் சேர்ப்பது, வருகைப் பதிவேடு, லீவு, பிஎஃப், ஈஎஸ்ஐ, சண்டை விலக்குவது எல்லாம் என் தலையில். ஆலங்குடியில் ஒரு ஷெட், திருச்சி ரோட்டில் புதிதாய் மெஷின் போட்ட ஒரு ஷெட். ஆலங்குடியில் கையால் தோல் உரிப்பார்கள், திருச்சி ரோட்டில் மெஷின் உரிக்கும். இரண்டு இடத்திலும் பாதி வேலைதான் ஓடியது. வெளிநாட்டுக்கு வாங்குகிறவர்கள், எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும், அப்போதுதான் சுத்தச் சான்று தருவோம் என்றார்கள். ஆகவே ஆலங்குடியில் உரிப்பதையும் தரம் பிரிப்பதையும் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. ஆலங்குடியில் பச்சைக் கொட்டை வாங்கி வைக்கும் ஸ்டோர் மட்டும் இருக்கும்.

இதைத்தான் முதல் பத்தியில் எழுதினேன். காரணத்தை மறைக்கவில்லை. இரண்டாவது பத்தியில் தேதிகள். இன்றிலிருந்து இருபத்தொரு நாள் நோட்டீஸ் போர்டில் இது இருக்கும். தொழிலாளர் துறைக்கு ஒரு நகல் போயிருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் விருப்பப் படிவத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் காலம் முடிந்ததும் வருகிற ஒன்றாம் தேதி புது ஷெட்டில் வேலை ஆரம்பம்.

மூன்றாவது பத்தியில் யாருக்கு என்ன மாறும் என்று எழுதினேன். சம்பளம் குறையாது, சர்வீஸ் தொடரும், பிஎஃப் எண் மாறாது. ஆனால் வேலை நேரம் மாறும், காலை ஆறேமுக்காலுக்குக் கம்பெனி பஸ் ஆலங்குடியில் கிளம்பும், போக ஒரு மணி, வர ஒரு மணி. சூப்பர்வைசர் பதவிகளில் ஒன்று இருக்காது, அவருக்கு அதே சம்பளத்தில் வேறு வேலை. வர முடியாதவர்களுக்குச் சட்டப்படி நோட்டீஸ் சம்பளமும் சர்வீஸுக்குரிய இழப்பீடும் உண்டு. ஆலங்குடி ஸ்டோரில் இரண்டு இடம் இருக்கிறது. விண்ணப்பித்தவர்களில் சீனியாரிட்டிப்படி கொடுக்கப்படும்.

அந்தச் சூப்பர்வைசர் யார் என்பது எனக்குத் தெரியும். உரிக்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிற அக்கா. ஆலங்குடிக்காரர். புருஷன் லோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் ஏழெட்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். அந்த அக்கா தினமும் மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, சோறு ஊட்டிவிட்டு, முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பி வந்து வருகை மெஷினில் பஞ்ச் வைப்பார். ஒரு நாளும் லேட் கிடையாது. லேட்டாக வந்தால்கூட நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அதனாலேயே லேட்டாக வரமாட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் தரம் பிரிக்கும் ஹாலில் உட்காரச் சொன்னோம். பேக்டரி மேனேஜர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மைக்கை என் கையில் திணித்தார். நான் வாசித்தேன். நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தேன். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, "ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை.

கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே உரிக்கிற மேஜை ஒவ்வொன்றுக்கும் எட்டுப் பேர். லீவு வேண்டுமென்றாலும் சரி, ஃபேன் ரிப்பேர் என்றாலும் சரி, கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மேஜைக்குள் பேசிக்கொள்வார்கள், பிறகு சூப்பர்வைசர் அக்கா எல்லோருக்காகவும் என் அறைக்கு வந்து கேட்பார். நான் அவரிடம் சொல்வதுதான் மேஜைக்குப் போகும். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பதைவிட அக்கா வாயிலிருந்து வருவதைத்தான் நம்புவார்கள். அக்கா என் வாயிலிருந்து வருவதை நம்புவார்.

மறுநாள் காலையில் வந்தார். எப்போதும் போல கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா, உக்காருங்க."

"இருக்கட்டும் சார். பிள்ளைங்க கேக்குதுக. பஸ்ஸு பொம்பளைங்களுக்கு மட்டுந்தானா, வேற ஆள ஏத்துவாங்களான்னு."

"நம்ம ஆளுங்க மட்டுந்தான்."

"கொழந்த வச்சிருக்கவங்களுக்கு அங்கிட்டு ரூம்பு இருக்கா?"

"இருக்குக்கா. கட்டியாச்சு."

எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, "எனக்கு அந்த ஸ்டோருக்கு எழுதிக் குடுத்தா கெடைக்கும்ல சார்?" என்றார்.

"கிடைக்கும். நீங்கதான் முதல் ஆளு." இந்த நான்கு சொற்களோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பாவி, மூடவில்லை. இருபது வருடம் நாற்பது பேருக்கு மேலே நின்ற மனுஷி ஸ்டோரில் சாக்கு எண்ணுவதா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் பதவி போகிறது என்று நான்தான் மைக்கில் வாசித்தேன் என்கிற குற்ற உணர்ச்சி வேறு. எல்லாம் சேர்ந்து என் நாக்கைப் பிடித்து இழுத்தது.

"நீங்க எதுக்குக்கா ஸ்டோருக்குப் போய்ச் சாக்கு எண்ணிக்கிட்டு? உங்களுக்குன்னு ஆலங்குடியிலயே கௌரவமா ஒரு வேலைய நான் பேசி வைக்கிறேன். கவலப்படாதீங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் மனசு குளிர்ந்தது. இப்போது நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பேசி வைக்கிறேன் என்றேனே தவிர, யாரிடம் பேசுவது, எந்த வேலை, எதுவும் என் கையில் இல்லை. புது அமைப்பில் எந்த ஊரில் எத்தனை இடம் என்று சென்னையில் முடிவு பண்ணிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அன்று சாயங்காலம் சென்னைக்கு ஒரு மெயில் போட்டேன். பதில் இல்லை. வந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் படிவங்கள் வந்து முடிந்தன. நானே உட்கார்ந்து அடுக்கினேன். பெரும்பாலானவர்கள் பஸ்ஸுக்குச் சரி என்று எழுதியிருந்தார்கள், ஒன்பது பேர் இழப்பீடு கேட்டிருந்தார்கள். ஸ்டோருக்கு இரண்டே பேர். ஒருவர் தரம் பிரிக்கிற வயசான அம்மா. இன்னொருத்தி அக்காவின் மேஜைப் பெண், வந்து நான்கு வருடம்தான் ஆகிறது, கைக்குழந்தைக்காரி. நான்கு வருடச் சர்வீஸில் அவளுக்கு எப்படித் தைரியம் வந்தது என்று யோசித்துக்கொண்டே அக்காவின் படிவத்தை எடுத்தேன். ஸ்டோர் கட்டத்தில் டிக் இல்லை. வேலையில் தொடர மீதமிருந்த ஒரே கட்டமான புது ஷெட்டில்தான் டிக். பக்கத்தில் நீல மையில், குண்டு குண்டு எழுத்தில், "சார் சொன்னபடி" என்று எழுதியிருந்தது.

அக்காதான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "எனக்கு சார் வேற பாக்குறாரு, இத நீ எழுது" என்று சொல்லியிருக்கிறார். மேஜையில் விசாரித்தபோது தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் சென்னைக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த மேலாளர் பொறுமையாகத்தான் பேசினார். புதிதாக ஒரு இடம் உருவாக்க முடியாது, ஒருவருக்கு உருவாக்கினால் இழப்பீடு கேட்ட ஒன்பது பேரும் கேட்பார்கள் என்றார். படிவக் கெடு முடிந்த பிறகு ஸ்டோர் இடத்தை அவருக்கு மாற்றினால், எழுதிக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவரைத் தள்ள வேண்டும், அவர்கள் தொழிலாளர் துறைக்குப் போனால் நாம் நிற்க முடியாது என்றார். கடைசியில், "நீங்க ஏன் சார் அந்த மாதிரி சொன்னீங்க?" என்று கேட்டார். எனக்கு வீடு திருச்சி ரோட்டுப் பக்கம் ஆவூர். புது ஷெட் வந்ததில் எனக்குப் பயணம் பாதியாகக் குறைகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை, ஆனால் போனை வைத்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

மத்தியானம் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வருகிற நேரம் பார்த்து, ஷெட் வாசலில் நின்றேன். சைக்கிளை ஸ்டாண்ட் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னேன். மழுப்பவில்லை. பேசினேன், முடியாது என்றுவிட்டார்கள், நான் உங்களுக்குச் சொன்னது என் கையில் இல்லாத விஷயம், சொல்லியிருக்கக் கூடாது, தப்பு என்னுடையது.

அக்கா சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே நின்றார். கையில் சோற்றுப் பருக்கை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

"அந்தப் பிள்ளைகிட்ட நான் பேசிப் பாக்கவா அக்கா? அது மனசார விட்டுக் குடுத்தா..."

"வேணாம் சார். அதுக்குப் பாலு குடிக்கிற கொழந்த. நானே எழுதச் சொல்லிட்டு நானே புடுங்குறதா?" என்றார். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "பஸ்ஸு சாயங்காலம் எத்தன மணிக்கு இங்கிட்டு வரும்?" என்று கேட்டார்.

"ஆறு ஆயிரும்."

காலை ஆறேமுக்காலிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் என்று விரலை மடக்கி எண்ணினார். பதினோரு மணி நேரத்துக்கு மேல் வந்தது. அவ்வளவு நேரம் வீட்டுக்காரர் ஒரே பக்கமாகப் படுத்தால் முதுகு புண்ணாகிவிடும் என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப நின்னுக்குறேன் சார். அந்த நோட்டீஸ் சம்பளம், இழப்பீடு எல்லாம் எனக்கும் உண்டுல்ல?"

"உண்டுக்கா. முழுசா வாங்கித் தாரேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சட்டப்படி வரும்" என்று திருத்தினேன்.

அவர் என்னோடு அறைக்கு வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அலமாரியில் படிவம் தேடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னார்.

"ஒங்க பேப்பரு நல்லாத்தான் சார் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரருக்கு நாந்தான் படிச்சுக் காமிச்சேன். ரெண்டு வாட்டி படிச்சேன். எல்லாம் வெளங்குச்சு. ஸ்டோருக்கு எழுதிருவோம்னு அப்பவே ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். சும்மா ஒரு வார்த்த கேட்டுக்கிருவோம்னுதான் மறுநாளு ஒங்க ரூமுக்கு வந்தேன்."

நான் திரும்பவில்லை. படிவம் கையில் கிடைத்துவிட்டது, ஆனாலும் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேஜையிலிருந்த என் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, "எங்க சார் டிக் போடணும், காட்டுங்க" என்றார்.