முப்பதுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவில்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஹார்பரில் மூட்டை எண்ணினேன், லாரி ஓட்டினேன், பத்து லாரிக்கு முதலாளியானேன், திருவொற்றியூரில் பள்ளிக்கூடமும் கட்டினேன். பட்டம் வாங்கிய பதினெட்டு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

பத்தாம் வகுப்புக் கணக்கு மிஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டேன். திருப்புதல் தேர்வில் பத்துப் பேருக்கு மேல் ஃபெயிலானால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் நாற்பது பேர். பாஸ் மார்க் முப்பத்தைந்து.

அதற்கு முந்தைய தேர்வில் மிஸ் மார்க்குகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து அட்டவணை போட்டு வந்தார். காகிதம் முழுக்க இருபது வரிசை. எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாம்மா, ரயில் வண்டி மாரி நீளமா? பத்துப் பத்தா போடு."

திருப்புதல் தேர்வுக்கு அப்படியே போட்டு வந்தார். 0–9, 10–19, 20–29 என்று இடப்பக்கம். நடுவில் கோடுகள். நாலு கோடு நிமிர்ந்து நின்றால் ஐந்தாவது அவற்றைக் குறுக்கே வெட்டும். ஹார்பரில் நான் மூட்டைக்குப் போட்ட அதே கோடு. அடுத்து எண்ணிக்கை. கடைசியில் மேலிருந்து கூட்டிக்கொண்டே வரும் எண்ணிக்கை. 30–39 வரிசையில் ஒரு கட்டும் இரண்டு கோடும், ஏழு பேர். அதற்கு மேலே உள்ள வரிசைகளில் ஐந்து பேர். அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் பன்னிரண்டு.

"பன்னெண்டு பேரு அவுட்டா?"

"இல்ல சார். அந்த ஏழு பேர்ல பாஸானவங்களும் இருக்காங்க. முப்பத்தஞ்சு அந்த வரிசைக்கு நடுவுல வருது. மார்க் நோட்டு எடுத்துட்டு வரட்டுமா?"

ஹார்பரில் கப்பலில் ஏறிய மூட்டையை எண்ணுவதற்காக மறுபடி இறக்க மாட்டோம். கோடு சொன்னதுதான் கணக்கு. அந்தப் பழக்கம் எனக்கு.

"நீ போட்ட கணக்க நீயே இல்லன்றியா? போம்மா."

அவர் வகுப்பு அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அழவில்லை. நான் டீ குடித்தேன்.

நாலு நாள் கழித்து, ஃபெயிலான பன்னிரண்டு பேருடைய பெற்றோரையும் கூப்பிடச் சொன்னேன். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் அம்மா எங்கள் தெருக்காரர், என்னைவிட மூத்தவர். எட்டுப் பெயர் எழுதிய சீட்டை நீட்டினார்.

"மீதி நாலு பேரு எங்க?"

"எந்த நாலு? ஃபெயிலு எட்டு பேருதான் கீறாங்க நைனா."

"கணக்குல பன்னெண்டு கீது."

"மார்க்கு நோட்டு இதோ கீது. கண்ணாடிய போட்டுகினு நீயே பாரு."

பார்த்தேன். 31, 33, 34. பிறகு 35, 36, 37, 38.

கதவைச் சாத்திவிட்டு நானே கோடு போட உட்கார்ந்தேன். ஐந்து ஐந்தாக, இருபது வரிசை. வெளியே எண்ணூருக்குப் போகிற டேங்கர் லாரிகளால் மேசை ஆடிக்கொண்டிருந்தது. 30–34 மூன்று கோடு. 35–39 நாலு கோடு. கூட்டினேன். 34 வரை எட்டு, 39 வரை பன்னிரண்டு, கடைசி வரிசையில் நாற்பது. ஒரு கோடும் தப்பவில்லை. வழக்கமாக இப்படி முடித்தால் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவேன். அன்று காகிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை தண்டையார்பேட்டையில் மிஸ் வீட்டுக்குப் போனேன். நான் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று பல வருஷம் ஆகிறது. கையில் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன். பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாகக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

"நாப்பது வருது சார். ஆளில்லாத வரிசைக்கும் சைபர் போட்டிருக்கீங்க. நிறைய பேரு அத விட்டுடுவாங்க."

"ஃபெயிலு எட்டுதாம்மா."

"தெரியும் சார்."

"திங்கக்கெழம வந்துடு."

"வேற ஸ்கூல்ல சேந்துட்டேன். இன்னிக்கு மூணாவது நாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்."

"அப்ப பசங்க?"

"அந்த எட்டு பேருக்கு வரைபடக் கணக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுங்க. அதுல பாஸ் பண்ணிடலாம்."

காகிதத்தை இரண்டாக மடித்து என் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் வரவில்லை. வருவதற்குள் எதிரே இருந்த நிறுத்தத்தில் அவருடைய பஸ் வந்துவிட்டது.

பள்ளிக்குத் திரும்பி, வரைபடக் கணக்கு என்று ஒரு சீட்டில் எழுதி ஆபீஸ் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "யாரு எடுக்குறது நைனா?" என்றார். வரவேண்டிய பெற்றோர் எட்டுப் பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.