டோரின் எண்ணும்போது கூப்பிடாதீர்கள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பாமசிக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் டோரினைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். மருந்து கட்டும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிமிரமாட்டாள். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்துக் காசாளர் மேசையில் இருக்கும் எனக்கு அந்தத் திமிர் பிடிக்கும்.

புது மனேஜர் ஹியூபேட் வந்ததும் தொலைபேசியை அவளுடைய மேசையில் வைத்துவிட்டார். மூன்றாம் நாளே பிழை நடந்தது. வாடிக்கைக்காரி அங்கம்மாவின் சீனி வருத்தக் குளிசைக்கு லேபிள் எழுதும்போது மணி அடித்தது. யாரோ இருமல் பாணி எத்தனை வேளை என்று கேட்டார்கள். "மூன்று வேளை" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், ஒரு நாளைக்கு ஒரு வேளை போடும் அந்தக் குளிசையின் லேபிளிலும் அதையே எழுதினாள். நல்லகாலம், அங்கம்மா வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

ஹியூபேட் எச்சரிக்கைக் கடிதம் என்றார். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

"பிழை என்னிலதான். ஆனா கூட்டாளி அந்தப் போன்," என்றாள் டோரின். "செய்யிற வேலையை முன்னுக்குப் பிடிச்சு, மற்றச் சத்தத்தைத் தள்ளிவைக்க மூளையில ஒரு ஏற்பாடு இருக்கு. திடீரெண்டு மணி அடிச்சா இன்னொரு ஏற்பாடு கவனத்தை அங்கால இழுத்துப்போடும். திரும்பி வரேக்க போனில கதைச்சது முழுசா விட்டுப்போகாது."

"எல்லாரும் ரெண்டு வேலை ஒண்டாச் செய்யினம், டோரின்."

"ஒண்டாச் செய்யேல்லை சேர், மாறி மாறி ஓடுகினம். ஒருக்காச் செய்து பாருங்கோ."

ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லச் சொன்னாள். பிறகு ஏயிலிருந்து ஜே வரை. நான் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து எட்டு விநாடி.

"இனி மாறி மாறி. ஒண்டு ஏ, ரெண்டு பீ."

ஐந்து வரை மிடுக்காகப் போனவர் ஆறில் திக்கினார். ஏழுக்கு எச் என்றார். இருபத்தொரு விநாடி. "இன்னொருக்கா!" என்றார். பதினாறு. பழகியும் எட்டு விநாடிக்கு வரவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

அவர் முகம் கறுத்தது. வீம்புக்காகவே அவளுடைய மேசையில் குனிந்து, கடிதத்தை எழுதத் தொடங்கினார். டோரின் தட்டில் குளிசைகளை ஐந்தைந்தாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. அவள் நிமிரவில்லை.

"போனை எடு!"

"எண்ணுறன்."

அவரே எடுத்தார். எழுதிக்கொண்டே கதைத்தார். "ஓம், சொல்லுங்கோ… வின்சன்ற்றோ? மருந்து ரெடி, வாங்கோ." வைத்துவிட்டுக் கடிதத்தை அவள் முன் நீட்டினார்.

டோரின் கடைசி ஐந்தையும் தள்ளி, பக்கெற்றை மூடி, லேபிளை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் அதைப் பார்த்தாள்.

"இதில நான் கையெழுத்து வைக்கேலாது, சேர்."

"ஏன்?"

"என்ர பேர் இருக்கவேண்டிய இடத்தில வின்சன்ற் எண்டெல்லோ எழுதியிருக்கு. அவர் வரட்டும், குடுக்கிறன்."

அன்று மத்தியானமே தொலைபேசி ஹியூபேட்டின் அறைக்குப் போனது.